மதுசாரமும் கொலஸ்திரோல் அறிக்கையும்: எச்.டி.எல். உயர்வதால் இதயம் காக்கப்படுகிறதா?

கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ தொற்றா நோய்க் கிளினிக் ஒன்றின் முன்வாங்கில் காத்திருக்கும் ஆண்களிடையே அடிக்கடி எழும் பேச்சு ஒன்று உண்டு. அளவாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது, நல்ல கொழுப்புக் கூடும், டொக்டர்மாரே அப்படித்தான் சொல்கிறார்கள் என்பதே அது. இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் அதன் முதற்பாதி உண்மை. மதுசாரம் எச்.டி.எல். என்ற, பொதுவாக நல்ல கொழுப்பு என அழைக்கப்படும் அளவை உயர்த்துகிறது. இது பல பரிசோதனைகளில் திரும்பத் திரும்ப உறுதியானது. அந்த உயர்வால் மாரடைப்புக் குறைகிறது என்ற பிற்பாதிதான் கடந்த இருபது ஆண்டுகளில் நிற்க இடமில்லாமற் போயிற்று. இதோடு, அறிக்கையில் ஒரு வரி நன்றாகத் தெரியும் வேளையில் ட்ரைகிளிசரைட் என்ற இன்னொரு வகை இரத்தக் கொழுப்பின் வரியை அதே மதுசாரம் மேலே தள்ளுகிறது என்பதும், அந்த உயர்வு மற்ற இலக்கங்களையே பிழையாகக் காட்டிவிடும் என்பதும் பெரும்பாலும் பேசப்படாமற் போகின்றன. இக்கட்டுரை இந்த இரண்டையும் ஒரு மாதிரி அறிக்கையை வைத்து விளக்க முயல்கிறது.

முதலில் அளவு என்ற சொல்லுக்கு ஓர் எண் தேவை. ஆய்வுகளில் மதுசாரம் போத்தலாலோ கிளாசாலோ அளக்கப்படுவதில்லை. உள்ளே இருக்கும் தூய மதுசாரத்தின் கிராமால் அளக்கப்படுகிறது. சாராயப் போத்தலில் 33.5 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால், 180 மில்லிலீட்டர் கால் போத்தலில் ஏறத்தாழ 60 மில்லிலீட்டர் தூய மதுசாரம் இருக்கிறது, அதன் எடை ஏறத்தாழ 48 கிராம். 8.8 சதவீதம் உள்ள கடும் பியர் 500 மில்லிலீட்டர் ரின் ஒன்றில் ஏறத்தாழ 35 கிராம். கள்ளு இவ்வளவு திட்டமாக அகப்படாது. பாளையிலிருந்து இறக்கிய கள்ளு காலையில் ஓரளவு இனிப்பாகவும் மென்மையாகவும் இருக்கும், நேரம் போகப்போக நொதித்து வலுக்கும். ஆகவே காலையில் குடித்த போத்தலும் பின்னேரம் குடித்த போத்தலும் ஒரே அளவு மதுசாரம் அல்ல. 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 750 மில்லிலீட்டர் போத்தல் ஒன்றில் ஏறத்தாழ 30 கிராம் இருக்கும். கசிப்பைப் பற்றி இப்படி ஒரு கணக்கும் போட முடியாது. அதன் வலுவும் அதில் கலந்திருப்பவையும் காய்ச்சியவருக்கே தெரியாது.

இந்த 30 கிராம் என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் எச்.டி.எல். பற்றிய மிகவும் அறியப்பட்ட கணக்கும் அதே எண்ணில்தான் இருக்கிறது. 1999இல் பிரித்தானிய மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த தொகுப்பாய்வு, ஆட்களுக்கு மதுசாரம் கொடுத்து இரத்தத்தை அளந்த பல சிறு பரிசோதனைகளை ஒன்றாக்கிப் பார்த்தது. நாளொன்றுக்கு 30 கிராம் மதுசாரம் எச்.டி.எல். அளவை டெசிலீட்டருக்கு ஏறத்தாழ 4 மில்லிகிராம் உயர்த்துகிறது என்றும், ட்ரைகிளிசரைட்டை ஏறத்தாழ 6 மில்லிகிராம் உயர்த்துகிறது என்றும் அது கண்டது. (இனி வரும் எல்லா எண்களும் இதே அலகில், நமது ஆய்வுகூட அறிக்கைகளில் வருவதுபோல டெசிலீட்டருக்கு மில்லிகிராமில் உள்ளன.) சாராயமா, வைனா, பியரா என்பதில் பெரிய வேறுபாடு இல்லை, வேலை செய்வது மதுசாரமே. ஈரல் எச்.டி.எல். துணிக்கையின் முக்கிய புரதத்தை அதிகமாக வெளியே விடுவது இந்த உயர்வுக்கு ஒரு காரணம். எச்.டி.எல்.இலிருந்து கொலஸ்திரோலை மற்றத் துணிக்கைகளுக்கு மாற்றும் ஒரு புரதம் அதிகம் குடிப்பவர்களில் குறைவாக வேலை செய்வது இன்னொன்று. குடியை நிறுத்தினால் சில வாரங்களுக்குள் இந்த உயர்வு இறங்கிவிடும்.

அன்றைய ஆய்வாளர்கள் அடுத்த படியை ஒரு கணக்காகவே போட்டார்கள். எச்.டி.எல். கூடிய மக்களுக்கு மாரடைப்புக் குறைவு என்பது அவதானிப்பு ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்திருந்தது, மதுசாரம் எச்.டி.எல்.ஐக் கூட்டுகிறது, ஆகவே மதுசாரம் மாரடைப்பைக் குறைக்க வேண்டும். இந்தச் சங்கிலியின் நடுக்கண்ணி உறுதியானது, முதற்கண்ணியும் அவதானிப்பாகச் சரியானது. ஆனால் எச்.டி.எல். உயர்ந்திருப்பது காப்புக்குக் காரணமா, அல்லது நல்ல உடல்நிலையின் அடையாளம் மட்டுமா என்ற கேள்வி அப்போது திறந்தே இருந்தது. மெலிந்த உடல், உடல் உழைப்பு, சீனி வருத்தம் இல்லாமை, குறைந்த ட்ரைகிளிசரைட் ஆகிய எல்லாமே எச்.டி.எல்.ஐ உயர்த்துபவை, அவை யாவும் தம்மளவிலேயே இதயத்தைக் காப்பவை.

இந்தக் கேள்விக்குப் பதில் மருந்துகளிலிருந்து வந்தது. எச்.டி.எல்.ஐ உயர்த்துவதற்கென்றே உருவாக்கப்பட்ட டோர்செட்ராபிப் என்ற மருந்து, 15,000 பேருக்கு மேற்பட்டோரில் சோதிக்கப்பட்டு எச்.டி.எல்.ஐ எழுபது சதவீதத்துக்கு மேல் உயர்த்தியது. ஆனால் மருந்து எடுத்தவர்களில் அதிகமானோர் இறந்ததால் 2006 டிசம்பரில் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது. அந்த மருந்து குருதி அமுக்கத்தையும் உயர்த்தியது, ஆகவே தீங்கை எச்.டி.எல்.இன் மேல் மட்டும் போட முடியாது. அடுத்து வந்த டால்செட்ராபிப் பெரும்பாலும் எச்.டி.எல்.ஐ மட்டுமே, மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உயர்த்தியது. 2012இல் வந்த முடிவில் மாரடைப்புகள் குறையவே இல்லை. இவற்றைவிட நமது விடயத்துக்கு நெருங்கியது 2014இல் வந்த நியாசின் சோதனை. 25,673 பேர் பங்குபற்றிய அந்தச் சோதனையில் நியாசின் எச்.டி.எல்.ஐ ஏறத்தாழ 6 உயர்த்தியது, அதாவது நாளுக்கு 30 கிராம் மதுசாரம் தரும் உயர்வைவிடச் சற்று அதிகமாக. மாரடைப்பும் பக்கவாதமும் கணக்கிடத்தக்க அளவில் குறையவில்லை. சீனி வருத்தமும் இரத்தக்கசிவும் கூடின.

மரபணு ஆய்வும் இதே பக்கம்தான் சாய்ந்தது. சிலருக்குப் பிறப்பிலேயே ஒரு நொதியத்தின் மரபணு மாற்றத்தால் எச்.டி.எல். மற்றவர்களைவிட ஏறத்தாழ 5 கூடுதலாக, வாழ்நாள் முழுவதும் இருக்கிறது, கெட்ட கொழுப்பு என அழைக்கப்படும் எல்.டி.எல்., ட்ரைகிளிசரைட் போன்ற மற்றவை மாறுவதில்லை. 2012இல் இலான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு, மாரடைப்பு வந்தவர்கள் ஏறத்தாழ 21,000 பேரையும் வராதவர்கள் 95,000 பேரையும் ஒப்பிட்டபோது, அந்த மாற்றத்தைக் கொண்டவர்களுக்கு மாரடைப்பு எந்த வகையிலும் குறைந்திருக்கவில்லை. இத்தனைக்கும் பிறகு எச்.டி.எல். பயனற்றது என்று சொல்லக்கூடாது. குறைந்த எச்.டி.எல். இன்றும் ஆபத்தின் அடையாளமே, அதைக் கணக்கில் எடுக்காமல் யாருடைய அபாயத்தையும் மதிப்பிட முடியாது. ஆனால் அந்த எண்ணை வெளியிலிருந்து தள்ளி உயர்த்துவதால் நாடிச் சுவரில் படிந்த கொழுப்புக் குறைவதில்லை. இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தைக் காட்டும் அளவுகோலைப் பார்த்து வயலுக்கு எவ்வளவு தண்ணீர் பாய்ந்தது என்று சொல்ல முடியாததைப்போல, எச்.டி.எல். எண்ணைப் பார்த்து நாடியிலிருந்து எவ்வளவு கொலஸ்திரோல் வெளியே எடுக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. அறிக்கை காட்டுவது இரத்தத்தில் அந்த நேரத்தில் தேங்கியிருக்கும் அளவை மட்டும்.

அப்படியானால், அளவாகக் குடிப்பவர்களுக்கு மாரடைப்புக் குறைவு என்று பல ஆய்வுகளில் கண்டது என்ன? அதன் பெரும் பங்கு ஒப்பீட்டுக் குழுவில் இருக்கிறது. குடிக்காதோர் என்று ஆய்வுகள் எண்ணிய கூட்டத்தில், வாழ்நாளில் ஒருபோதும் குடிக்காதவர்களோடு, நோய் வந்ததால் குடியை விட்டவர்களும் இருந்தார்கள். ஏற்கெனவே நோயுற்றவர்களோடு ஒப்பிட்டால் யாரும் ஆரோக்கியமாகத்தான் தெரிவார்கள். மறுபுறம், மேற்கு நாடுகளில் அளவாகக் குடிப்பவர்கள் சராசரியாக வருமானம் கூடியவர்கள், புகைப்பது குறைந்தவர்கள், உடற்பயிற்சி செய்பவர்கள். 2022இல் பிரித்தானியாவில் 371,463 பேரின் தரவைப் பார்த்த ஆய்வு, இந்த வாழ்க்கைமுறை வேறுபாடுகளைச் சரிசெய்ததும் அந்தக் காப்பு மங்கியதைக் காட்டியது. மரபணு வழியாகப் பார்த்தபோது மதுசாரம் கூடக்கூட இதய நோய் கூடியது, குறைந்த அளவில் சிறிதாகவும் அதிகமாகக் குடிப்பவர்களில் மிகச் செங்குத்தாகவும். அதற்கு முன், 2014இல், குடித்தால் முகம் சிவந்து உடம்பு ஒத்துக்கொள்ளாமற் போகும் ஒரு மரபணு மாற்றத்தைக் கொண்ட ஐரோப்பியர்களைப் பார்த்த ஆய்வு, அவர்கள் குறைவாகக் குடிப்பதையும், அவர்களுக்கு இதய நோயும் ஏறத்தாழ பத்து சதவீதம் குறைவாக இருப்பதையும் கண்டது. அளவான குடி காக்கிறது என்றால் இது நேர்மாறாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? இந்த ஆய்வுகள் ஐரோப்பிய மக்களில் நடந்தவை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அளவான குடி இதயத்தைக் காக்கிறது என்ற கருத்தும் பெரும்பாலும் அவர்களைப் பார்த்தே எழுந்தது.

இனி ட்ரைகிளிசரைட். நமக்கு இது எச்.டி.எல்.ஐவிட அதிகம் கவனிக்க வேண்டிய பகுதி என்று நான் கருதுகிறேன், ஏனென்றால் தெற்காசியர்களில் வயிற்றுக் கொழுப்பு, கூடிய ட்ரைகிளிசரைட், குறைந்த எச்.டி.எல்., சீனி வருத்தம் ஆகியவை ஒன்றாக வருவது மற்ற மக்களைவிட அதிகம், அதுவும் உடல் எடை பெரிதாகக் கூடாமலேயே. ஈரல் மதுசாரத்தை எரிக்கும்போது வேறு எதையும் எரிக்க விருப்பப்படாது. மதுசாரத்தை அசற்றேற்றாக மாற்றும் வேலையில் கலத்துக்குள் ஒருவகை ஐதரசன் சுமை கூடுகிறது. இதனால் கொழுப்பமிலங்களை எரிக்கும் பாதை மந்தமாகி, புதிய கொழுப்பமிலங்களைக் கட்டும் பாதை முன்னேறுகிறது. எரியாமல் தேங்கிய கொழுப்பு ஈரலிலேயே படிகிறது. ஒரு பகுதி ட்ரைகிளிசரைட் நிறைந்த துணிக்கைகளாகப் பொதியப்பட்டு இரத்தத்துக்குள் விடப்படுகிறது. அந்தத் துணிக்கைகளை இரத்தத்திலிருந்து அகற்றும் நொதியத்தையும் மதுசாரம் சில மணி நேரம் தடுக்கிறது. ஆகவே சாராயத்தோடு பொரித்த மீனும் ஆட்டிறைச்சியும் எடுக்கும் இரவில், உணவிலிருந்து வரும் கொழுப்பும் ஈரலிலிருந்து வரும் கொழுப்பும் ஒரே நேரத்தில் இரத்தத்தில் சேர்கின்றன, வெளியேறும் வழியும் ஒடுங்கியிருக்கிறது. சாராயத்தோடு இனிப்புச் சோடா கலந்தால் சீனியும் இதே கணக்கில் கூடுகிறது.

முன் சொன்ன 30 கிராமுக்கு 6 என்ற எண் ஆரோக்கியமானவர்களின் சராசரி. அதைப் பார்த்து இது அற்பம் என்று எண்ணினால் தவறு. ட்ரைகிளிசரைட் ஏற்கெனவே உயர்ந்தவர், சீனி வருத்தம் உள்ளவர், வயிற்றுப் பருமன் உள்ளவர், குடும்பத்தில் இப்படி உயரும் தன்மை உள்ளவர் ஆகியோரில் அதே மதுசாரம் பல மடங்கு பெரிய உயர்வைத் தருகிறது. ஒருவரின் ட்ரைகிளிசரைட் 150க்குக் கீழ் இருக்கும்போது குடியின் விளைவு கண்ணில் படாமற் போகலாம். 300இல் இருப்பவருக்கு ஒரு கிழமைக் குடி 500க்கு மேல் கொண்டுபோய்விடலாம்.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். இது ஒரு குறிப்பிட்ட நபரின் அறிக்கை அல்ல, கிளினிக்கில் வரும் அறிக்கைகளின் சாயலில் எழுதப்பட்டது. கண்டாவளைப் பக்கம் நெல் செய்யும் 46 வயதானவர். வயிறு சற்று முன்னுக்கு இருக்கிறது. உண்ணாமல் எடுத்த இரத்தச் சீனி 118, அதாவது சீனி வருத்தத்தின் வாசலில். கிழமைக்கு நான்கு இரவுகள் கால் போத்தல் சாராயம். டொக்டர் கேட்டபோது, "நான் அளவாத்தான் எடுக்கிறனான், டொக்டர்" என்கிறார், அதில் பொய்யில்லை. நான்கு இரவும் 48 கிராம் வீதம் கிழமைக்கு 192 கிராம், நாளுக்குச் சராசரி 27 கிராம். 30 கிராம் என்ற எல்லைக்குள்தான் வருகிறார். ஆனால் சராசரி என்பது அந்த நான்கு இரவுகளின் சுமையை மறைத்துவிடுகிறது. ஈரலுக்கும் குருதி அமுக்கத்துக்கும் ஒரே இரவில் வரும் 48 கிராம்தான் கணக்கு. அவருடைய இரத்தம் ஒரு குடித்த இரவுக்கு அடுத்த நாள் காலை, பன்னிரண்டு மணி நேரம் உணவு தவிர்த்து எடுக்கப்பட்டது. ஆனால் உணவுதான் வேண்டாம் என்று சொல்லப்பட்டதே தவிர, சாராயம் பற்றி யாரும் சொல்லவில்லை.

அறிக்கை இப்படி இருக்கிறது. மொத்தக் கொலஸ்திரோல் 227, எச்.டி.எல். 50, ட்ரைகிளிசரைட் 385, எல்.டி.எல். 100. வாசலில் அதைப் படித்துப் பார்த்த ஒருவர், "அண்ணை, நல்ல கொழுப்பு ஐம்பது, கெட்ட கொழுப்பு நூறு, பயமில்லை" என்று சொல்வார். ஆண்களுக்கு எச்.டி.எல். 40க்குக் கீழ் என்றால்தான் குறைவு. ஆகவே 50 நல்ல எண்ணாகவே தெரிகிறது. ட்ரைகிளிசரைட் மட்டும் உயர்ந்திருக்கிறது, அது பிறகு குறைந்துவிடும் என்று விட்டுவிடுவார்கள்.

இந்த எல்.டி.எல். 100 எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான ஆய்வுகூடங்களில் எல்.டி.எல். நேரடியாக அளக்கப்படுவதில்லை, 1972இல் வந்த ஒரு சூத்திரத்தால் கணிக்கப்படுகிறது. மொத்தக் கொலஸ்திரோலிலிருந்து எச்.டி.எல்.ஐயும், ட்ரைகிளிசரைட்டின் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் மிஞ்சுவது எல்.டி.எல். 385இன் ஐந்தில் ஒரு பங்கு 77. 227இலிருந்து 50ஐயும் 77ஐயும் கழித்தால் 100. ஐந்தில் ஒரு பங்கு என்ற ஊகம் ட்ரைகிளிசரைட் சாதாரணமாக இருக்கும்போது ஓரளவு பொருந்தும். ஆனால் அது உயரும்போது ஒவ்வொரு துணிக்கையிலும் கொலஸ்திரோலைவிட ட்ரைகிளிசரைட் அதிகம் நிறைந்திருக்கிறது, ஆகவே ஐந்தில் ஒன்று என்று கழிப்பது அளவுக்கு மிஞ்சிக் கழிப்பதாகிவிடும். இவரைப்போன்றவருக்கு ஏறத்தாழ ஏழால் வகுப்பதே உண்மைக்கு நெருங்கியது. அப்போது கழிக்க வேண்டியது 55, எல்.டி.எல். 122. நல்ல எண் என்று தெரிந்த 100, உண்மையில் 120ஐச் சுற்றி எங்கோ இருக்கிறது. ட்ரைகிளிசரைட் 400ஐத் தாண்டினால் அந்தச் சூத்திரத்தையே பயன்படுத்தக்கூடாது. அதனால்தான் அப்படிப்பட்ட அறிக்கைகளில் எல்.டி.எல். இடம் சில வேளை வெறுமையாக இருக்கும்.

இப்படியாக ஒரே குடி இரண்டு வரிகளை ஒரேயடியாக அழகுபடுத்திவிட்டது. எச்.டி.எல்.ஐ உயர்த்தியது உண்மையான மாற்றம், ஆனால் பயனில்லாதது. எல்.டி.எல்.ஐத் தாழ்த்தியது கணக்கின் பிழை. இந்த இரண்டாலும் ஏமாறாத ஓர் எண் இதே அறிக்கைக்குள் இருக்கிறது. மொத்தக் கொலஸ்திரோலிலிருந்து எச்.டி.எல்.ஐக் கழித்தால் போதும்: 227இலிருந்து 50 போக 177. எச்.டி.எல். அல்லாத கொலஸ்திரோல் என்று அழைக்கப்படும் இந்த எண், நாடிச் சுவருக்குள் புகக்கூடிய எல்லாத் துணிக்கைகளிலும் உள்ள கொலஸ்திரோலை ஒன்றாகக் காட்டுகிறது. ட்ரைகிளிசரைட்டையோ எந்த ஊகத்தையோ அது நம்பியிருக்கவில்லை. உணவு தவிர்க்காமல் எடுத்த இரத்தத்திலும் பெரிதாக மாறாது. எல்.டி.எல்.க்கு வைக்கும் இலக்கோடு 30ஐக் கூட்டினால் இதற்கான இலக்கு கிடைக்கும், எல்.டி.எல். 100 என்று வைத்தால் இது 130. இவருக்கு 177.

அடுத்த ஆறு கிழமைக்கு இவர் முழுமையாக நிறுத்துகிறார் என்று வைப்போம். உணவில் பெரிய மாற்றம் எதுவும் செய்யவில்லை. சாராயத்தோடு சேர்ந்து வந்த பொரியலும் இனிப்புச் சோடாவும் தாமாகவே நின்றுவிட்டன. மீண்டும் எடுத்த அறிக்கையில் மொத்தக் கொலஸ்திரோல் 203, எச்.டி.எல். 46, ட்ரைகிளிசரைட் 165, எல்.டி.எல். 124. இந்தத் தாளைப் பக்கத்துவீட்டுத் தம்பியிடம் காட்டினால் என்ன நடக்கும்? நல்ல கொழுப்பு இறங்கிவிட்டது, கெட்ட கொழுப்பு 24 கூடிவிட்டது, குடியை விட்டதால்தான் இப்படி ஆகியிருக்கிறது என்று சொல்வார். இந்த இடத்தில் பலர் மீண்டும் தொடங்கிவிடுகிறார்கள், வைத்தியசாலை சொன்னதைக் கேட்டுக் கெட்டுப்போனோம் என்ற மனக்கசப்போடு. இதை முன்கூட்டியே விளக்காமல் விடுவது, நிறுத்தச் சொன்னவர்களின் குறை.

கணக்கைப் பார்த்தால் நடந்தது வேறு. எல்.டி.எல். 124 இப்போது நம்பத்தக்க எண், ஏனென்றால் ட்ரைகிளிசரைட் 165இல் சூத்திரம் ஓரளவு சரியாக வேலை செய்கிறது; முன்பு உண்மையில் 122ஐச் சுற்றி இருந்தது, ஆகவே ஏறத்தாழ மாறவே இல்லை. கெட்ட கொழுப்புக் கூடியது தாளில் மட்டுமே. எச்.டி.எல். 4 குறைந்தது உண்மை, அதனால் இழந்த காப்பு எதுவும் இல்லை. எச்.டி.எல். அல்லாத கொலஸ்திரோல் 177இலிருந்து 157க்கு இறங்கியிருக்கிறது, இருபது குறைந்திருக்கிறது. இதுதான் நாடிக்கு நடந்த உண்மையான மாற்றம். ட்ரைகிளிசரைட் பாதிக்கும் கீழே வந்திருக்கிறது. அறிக்கைக்கு வெளியே, குருதி அமுக்கமும் குறைந்திருக்க வாய்ப்புண்டு, கால் போத்தலிலிருந்து இரவொன்றுக்கு வந்த ஏறத்தாழ 330 கலோரியும் இல்லை.

குடியை நிறுத்தியதால் இவருடைய கொலஸ்திரோல் தீர்ந்துவிட்டது என்றும் நான் சொல்லப்போவதில்லை. 157 இன்னும் இலக்கை விடக் கூடுதலே. சீனி வருத்தத்தின் வாசலில் இருப்பவருக்கு, வயது, குருதி அமுக்கம், புகைத்தல் ஆகியவற்றையும் சேர்த்து அபாயத்தைக் கணக்கிட்டு, தேவைப்பட்டால் ஸ்டற்றின் குளிசை தொடங்குவதே அடுத்த படி. மாரடைப்பைக் குறைப்பதற்கு ஆதாரம் உள்ளது எல்.டி.எல்.ஐ இறக்கும் இந்தப் பாதையில்தான், எச்.டி.எல்.ஐ ஏற்றும் பாதையில் அல்ல. அதனால்தான் எச்.டி.எல். குறைவாக உள்ள ஒருவருக்கு ஒரு வைத்தியர் மதுசாரத்தை எழுதிக் கொடுப்பதில்லை, குறைந்த எச்.டி.எல். என்பது அவருடைய மொத்த அபாயம் கூடியிருக்கிறது, ஆகவே எல்.டி.எல்.ஐ இன்னும் இறுக்கமாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற அறிவிப்பாகவே படிக்கப்படுகிறது.

ட்ரைகிளிசரைட் இன்னும் மேலே போகும்போது ஆபத்து வேறு வகையாக மாறுகிறது. 500க்கு மேல் தொடங்கி, குறிப்பாக 1,000ஐத் தாண்டும்போது, சதையி எனப்படும் கணையம் திடீரென அழற்சி அடையக்கூடும். மதுசாரமே தனியாகவும் அந்த அழற்சியைத் தரும். இரண்டும் சேர்ந்தவருக்கு ஒரு விருந்து இரவு போதும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை துளைக்கும் வலி, நிற்காத வாந்தி, முன்னுக்குக் குனிந்தால் சற்றுத் தணிவதுபோன்ற உணர்வு என்பன அதன் அறிகுறிகள். இதை வாய்வு என்று எண்ணி வீட்டில் சோடா குடித்துப் பார்ப்பது உயிராபத்து. எடுத்த இரத்தம் சிறிது நேரம் நின்றபின் மேலே பால்போல வெண்மையாகத் தெரிந்தால், அறிக்கை வருமுன்பே ஆய்வுகூடத்தார் அதைக் கண்டுகொள்வார்கள். அவ்வளவு கொழுப்பு உள்ள இரத்தத்தில் சதையி அழற்சியைக் காட்டும் அமிலேசு சோதனை பிழையாகச் சாதாரணமாக வரலாம், ஆகவே கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்று வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்வது அங்கு நோய் நிர்ணயத்தின் ஒரு பகுதி.

இங்கு ஒரு எச்சரிக்கை அவசியம். மேலே சொன்ன நான்கு இரவுக்காரர் தன்பாட்டில் நிறுத்தலாம். ஆனால் நாள்தோறும் அதிகம் குடிப்பவர், காலையில் கை நடுங்கி அதைத் தணிக்க மீண்டும் குடிப்பவர், இதை வாசித்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. நிறுத்திய ஆறு மணித்தியாலத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை குழப்பமும் இல்லாததைக் காண்பதும் கடும் வியர்வையும் வரலாம். அப்படிப்பட்டவரை மாவட்ட வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் மருந்தோடும் தயமின் ஊசியோடும் பாதுகாப்பாக நிறுத்த முடியும். குடித்த இரவில் கிளினிக் குளிசைகளைப் போடக்கூடாது என்று எண்ணி எல்லாவற்றையும் விட்டுவிடுவதும் நம்மிடையே உள்ளது. எந்தக் குளிசையை அந்த இரவிலும் போடலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதைக் கிளினிக்கிலேயே கேட்டு எழுதி வைப்பது நல்லது. சீனி வருத்தக் குளிசைகள் சிலவற்றோடு மதுசாரம் சேரும்போது சீனி ஆபத்தாக இறங்கலாம் என்பதால் இந்தக் கேள்வியை ஊகத்தால் தீர்க்க முடியாது.

அடுத்த முறை கொழுப்புப் பரிசோதனைக்குப் போகும்போது செய்ய வேண்டியவை குறைவு. இரத்தம் கொடுக்கும் முன் குறைந்தது மூன்று நாள் மதுசாரம் எடுக்காமல் இருப்பது. அது முடியாமற்போனால் கடைசியாகக் குடித்த நாளையும் அளவையும் கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுப்பது. அறிக்கை கைக்கு வந்ததும் மொத்தக் கொலஸ்திரோலிலிருந்து எச்.டி.எல்.ஐக் கழித்து மிஞ்சும் எண்ணையும் அதே கொப்பியில், திகதியோடு, குறித்து வைப்பது. ட்ரைகிளிசரைட் 400க்கு மேல் இருந்தால் எல்.டி.எல். எண்ணை நம்பாமல் குடியில்லாத சில கிழமைக்குப் பிறகு மீண்டும் எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். 500க்கு மேல் இருந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் அந்தத் தாளோடு நேரே வைத்தியரிடம் போக வேண்டும்.